ஃப்ரீமாண்ட்: ஹீட்டர் ஓடவில்லை, வீட்டுக்காரர் அசையவில்லை. வாடகையில் கழிக்கலாமா, வாடகையையே நிறுத்தலாமா?

இளவேனில்_ஃப்ரீமாண்ட் · டிசம்பர் 6

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியா வாடகைச் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஃப்ரீமாண்டில் இரண்டு பெட்ரூம் காண்டோ. வாடகை மாதம் 2,950 டாலர். வீட்டுக்காரர் தனி ஆள், அவரும் தமிழர்தான், அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். ஹாலில் சுவரோடு பதித்த பழைய கேஸ் ஹீட்டர் ஒன்று இருக்கிறது, வீடு முழுவதற்கும் அது மட்டும்தான். நவம்பர் 14 ராத்திரி அது நின்றுவிட்டது. மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார். நவம்பர் 22 அன்று முன்னால் சொல்லாமல் ஒரு ஹேண்டிமேனை அனுப்பினார். ஏழு மாதக் குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது, அதனால் சாயந்திரம் வரச் சொன்னேன். அவர் அப்புறம் வரவே இல்லை.

டிசம்பர் 2 அன்று கேஸ் கம்பெனிக்கு போன் செய்தேன். டெக்னீஷியன் வந்து முன்மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல், கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் வர வாய்ப்பு உண்டு என்று சொல்லி, கேஸ் வால்வை மூடி அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனார். அந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். "காஸ்ட்கோவில் ஒரு ஸ்பேஸ் ஹீட்டர் வாங்கிக்கோங்க, மார்ச்சில் பார்ப்போம்" என்று பதில் வந்தது. எங்கள் லீஸ் மார்ச் 31 அன்று முடிகிறது.

காலை ஆறு மணிக்கு ஹாலில் 56 டிகிரி ஃபாரன்ஹீட். புது ஹீட்டர் வைக்க ஒரு கம்பெனி 4,300 டாலர் கேட்கிறது. நானே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாமா? இல்லை, செய்து தரும்வரை வாடகையை நிறுத்திவைக்கலாமா? கணவருக்கு எச்1பி. கோர்ட், கேஸ் என்றாலே அவர் பயப்படுகிறார்.

---

குமரன்_எடிசன் · டிசம்பர் 6

இளவேனில், பயப்படாதீர்கள். இது அமெரிக்காவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் நிலைபெற்ற உரிமை. எங்கள் நியூ ஜெர்ஸியில் மரினி எதிர் அயர்லாந்து என்ற வழக்கு இருக்கிறது. 1969 ஜூனில் கேம்டனில் ஒரு அம்மா குடியிருந்த வீட்டில் டாய்லெட் விரிசல் விட்டுத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. வீட்டுக்காரரைப் பிடிக்கவே முடியவில்லை. ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்தார், செலவு 85 டாலர் 72 சென்ட். வாடகை 95 டாலர். ஜூலை வாடகையாக 9 டாலர் 28 சென்டுக்கு ஒரு செக், கூடவே பிளம்பர் ரசீது, அவ்வளவுதான் அனுப்பினார். வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லி வழக்குப் போட்டார். 1970இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த அம்மா பக்கம் தீர்ப்புச் சொன்னது.

உங்கள் ஊரிலும் இதே உரிமை உண்டு. கலிஃபோர்னியாவில் வருஷத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மாத வாடகை. அதாவது 5,900 டாலர் வரை போகலாம். உங்கள் செலவு 4,300தானே? டிசம்பரில் 2,950, மீதி ஜனவரியில் என்று கழித்துவிடுங்கள். வாடகையை நிறுத்துவதாக இருந்தால் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிடுங்கள். அது அங்கே பத்திரமாக இருக்கும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

---

சுரேஷ்_பிளேனோ · டிசம்பர் 6

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் டெக்ஸஸில் இதைச் செய்து பட்டவன்.

ஜூலையில் ஏசி போனது. வெளியே 104 டிகிரி. அபார்ட்மெண்ட் ஆபீஸில் பத்து தடவை சொன்னேன், யாரும் வரவில்லை. யூட்யூபில் யாரோ வாடகையை நிறுத்து, ஓடி வருவார்கள் என்று சொன்னதைக் கேட்டு ஆகஸ்ட் வாடகையை நிறுத்தினேன். ஏசி வரவில்லை, எவிக்‌ஷன் பேப்பர்தான் வந்தது. இங்கே வாடகை பாக்கியில்லாமல் கட்டியிருந்தால்தான் ரிப்பேர் கேட்கும் உரிமையே வேலை செய்யும். இஷ்டத்துக்கு நிறுத்தினால் வீட்டுக்காரர் நஷ்ட ஈடு கேட்கலாம். அது சட்டப்படி தப்பு என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகும் வேண்டுமென்றே நிறுத்தினால், ஒரு மாத வாடகையும் மேலே 500 டாலரும் அபராதம். பாக்கியைக் கட்டி சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் வழக்குப் போட்டது பதிவில் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு இடத்தில் அப்ளிகேஷனைத் திருப்பி அனுப்பினார்கள். மனைவியும் நானும் ஒரு மாதம் நண்பர் வீட்டில் இருந்தோம். அந்த ஒரு மாதத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

---

சேகர்_சான்ரமோன் · டிசம்பர் 7

நான் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவன். அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

சிவப்பு அட்டை கட்டிய ஹீட்டரை மார்ச் வரை விடுவது தப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். நவம்பர் 22 அன்று ஆள் வந்தார், நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். கோர்ட்டில் அவர் முதலில் எடுத்துவைக்கப் போவது இதைத்தான்: "நான் அனுப்பினேன், அவர்கள் விடவில்லை." அடுத்தது, கேஸ் வேலை. தெரிந்தவர், மலிவாகச் செய்வார் என்று யாரையாவது வைத்துச் செய்துவிடாதீர்கள். இங்கே 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் வேலைக்கு மாநில லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வேண்டும், ஹீட்டர் மாற்ற சிட்டி பெர்மிட்டும் வேண்டும். அது இல்லாமல் என் வீட்டில் யாராவது கேஸ் லைனைத் தொட்டால் நானும் சண்டைக்குத்தான் வருவேன்.

அப்புறம், உங்கள் லீஸைப் பாருங்கள். சின்ன ரிப்பேர் வாடகைக்காரர் பொறுப்பு என்று பலர் எழுதி வாங்குவார்கள். அப்படி இருந்தால் நிலைமை வேறு.

---

இளவேனில்_ஃப்ரீமாண்ட் · டிசம்பர் 7

சேகர் சார், பார்த்தேன். "500 டாலருக்கு உட்பட்ட ரிப்பேர்கள் வாடகைதாரர் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அன்றைக்கு ஆளைத் திருப்பி அனுப்பியது இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை.

---

மீனாட்சி_ஓக்லண்ட் · டிசம்பர் 7

இளவேனில், நான் வக்கீல் இல்லை. ஓக்லண்டில் வாடகைக்காரர் ஆலோசனை மையம் ஒன்றில் ஒன்பது வருஷமாக வாரம் ஒரு நாள் உட்கார்கிறேன். உங்கள் கேள்வி மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் குமரன் சொன்னது. மரினி வழக்கு பற்றிய தகவல் சரி. ஆனால் அது நியூ ஜெர்ஸி. கலிஃபோர்னியாவில் கழிக்கும் உரிமை சிவில் கோட் 1942இல் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு முறை என்பதும், ஒரு மாத வாடகை என்பதும் சரி. அந்த இரண்டையும் கூட்டுவதுதான் தப்பு. பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு மாத வாடகையைத் தாண்டாத இடத்தில்தான் வாடகைக்காரர் தானே செய்து கழிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதாவது ஒரு மாத வாடகை என்பது எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கான அளவு மட்டும் இல்லை. எந்த வேலைக்கு இந்த வழி திறக்கும் என்பதையும் அதுதான் முடிவுசெய்கிறது. உங்கள் வாடகை 2,950, வேலை 4,300. ஒரே ஹீட்டரை இரண்டு பில்லாக உடைத்து டிசம்பரில் பாதி, ஜனவரியில் பாதி என்று கழித்தால், நீதிபதி அதை ஒரே வேலையாகத்தான் பார்ப்பார். கழித்தது முழுவதும் வாடகை பாக்கி ஆகிவிடும்.

இரண்டு முறை என்பது வேறு வேறு பழுதுகளுக்கு. ஜனவரியில் தண்ணீர் ஹீட்டர், ஆகஸ்டில் அடைத்த சாக்கடைக் குழாய், இந்த மாதிரி.

பழைய ஹீட்டருக்கு ஒரு பாகம் மாற்றினால் போதும், 600 டாலர் ஆகும் என்ற நிலைமை இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். எழுத்தில் நோட்டீஸ், இரண்டு கொட்டேஷன், லைசென்ஸ் உள்ள ஆள், ரசீது, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொண்டு ஒரு கடிதம். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் ஆகிவிட்டால் போதுமான அவகாசம் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அது போதாது என்றால் அதைக் காட்டும் வேலை வீட்டுக்காரருடையது. குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லை, கைக்குழந்தை இருக்கிறது என்றால் 30 நாளுக்கு முன்பும் செய்யலாம். ஆனால் ஏன் காத்திருக்க முடியவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். வாயால் சொன்ன நோட்டீஸும் சட்டப்படி செல்லும், வாட்ஸ்அப்பும் செல்லும். உங்கள் நவம்பர் 15 மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

சேகர் கேட்ட லீஸ் வரி: வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற உரிமையை விட்டுக்கொடுப்பதாக வாடகைக்காரர் எழுதிக்கொடுத்தால் அது செல்லாது. ரிப்பேர் வேலையைச் செய்து தருவதையே வாடகைப் பேரத்தின் பகுதியாக, அதற்காக வாடகையைக் குறைத்துப் பேசியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. இங்கே அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 4,300 டாலர் வேலை 500க்கு உட்பட்டதும் இல்லை.

ஸ்பேஸ் ஹீட்டர் விஷயம். வீட்டில் ஹீட்டர் வசதி இருக்க வேண்டும், அது நல்ல நிலையில் வேலைசெய்ய வேண்டும் என்று 1941.1 சொல்கிறது. பிளக்கில் செருகும் சாமானைக் குடியிருப்பவரை வாங்கச் சொல்வது அந்தக் கடமையை நிறைவேற்றாது.

வாடகையை நிறுத்துவது பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதில்தான் ஆபத்து அதிகம்.

---

குமரன்_எடிசன் · டிசம்பர் 7

அக்கா, அந்த வாசகத்தை நான் அப்படிப் படித்திருக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். 4,300 செலவுசெய்து, 2,950 மட்டும் கழித்து, மீதியைத் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டால்? செலவின் ஒரு பகுதியைத்தானே கழிக்கிறார், எல்லைக்குள்தானே வருகிறது?

---

மீனாட்சி_ஓக்லண்ட் · டிசம்பர் 8

குமரன், இதைச் சிலர் செய்கிறார்கள். வீட்டுக்காரர் சரி என்று விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. விடவில்லை என்றால் வாசகம் அவர் பக்கம் சாய்கிறது. எங்கள் மையத்துக்கு வரும் வக்கீல்களே இதில் ஒரே மாதிரி பேசுவதில்லை. நான் இளவேனிலை அந்த வழியில் அனுப்ப மாட்டேன். வீடு வேறொருவருடையது, அதில் பதிக்கும் ஹீட்டரும் அவருடையது. 4,300 போட்டுவிட்டு அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டும்.

இப்போது வாடகையை நிறுத்துவது. கலிஃபோர்னியாவில் இதற்கு அடிப்படை 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன கிரீன் தீர்ப்பு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வீடு. குளியலறைக் கூரை இடிந்து விழுந்து அப்படியே கிடந்தது, எலித்தொல்லை, நான்கு அறைகளில் ஹீட்டர் இல்லை. வாடகை கொடுக்கவில்லை என்று வெளியேற்ற வழக்குப் போட்டார் வீட்டுக்காரர். வீட்டைக் குடியிருக்கத் தகுதியாக வைத்திருப்பது வாடகைக்குப் பதிலாக அவர் செய்ய வேண்டியது, அதைச் செய்யவில்லை என்றால் முழு வாடகை பாக்கி என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். கழிக்கும் வழி சின்ன ரிப்பேருக்குத்தான் போதும், அது ஒன்றுதான் வாடகைக்காரருக்கு உள்ள வழி என்று சட்டமன்றம் நினைத்திருக்க முடியாது என்றும் சொன்னது. உங்கள் 4,300 டாலர் ஹீட்டர் அந்த மாதிரியான விஷயம்தான்.

இந்த உரிமை எப்போது கைக்கு வருகிறது என்று பாருங்கள். நீங்கள் வாடகையை நிறுத்துகிறீர்கள். வீட்டுக்காரர் மூன்று நாள் நோட்டீஸ் ஒட்டுகிறார்: பாக்கியைக் கட்டு, இல்லையென்றால் காலிசெய். சனி, ஞாயிறு, கோர்ட் விடுமுறை அதில் சேராது. நான்காவது நாள் அவர் வழக்குப் போடலாம். சம்மன் கைக்கு வந்த பிறகு பதில் போட, 2025இலிருந்து, 10 கோர்ட் நாள். முன்பு 5 நாள்தான் இருந்தது. அந்தப் பதிலில்தான் வீடு குடியிருக்கத் தகுதியாக இல்லை என்று எழுதுகிறீர்கள். அதாவது இந்த உரிமை முதன்மையாக வெளியேற்ற வழக்கில் நிற்கும் ஒரு தற்காப்பு. முன்கூட்டியே யாரும் உங்களுக்கு அனுமதிச் சீட்டு தருவதில்லை.

உங்கள் கணக்கையே போடலாம். டிசம்பர் வாடகை 2,950 முழுவதும் நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். நீதிபதி ஹீட்டர் இல்லாதது பெரிய குறைதான் என்று சொல்லி, ஒரு பேச்சுக்கு, வாடகையில் 20 சதவீதம் குறைக்கிறார். 590 கழிந்தது, 2,360 நீங்கள் கட்ட வேண்டும். அதிகபட்சம் ஐந்து நாள் தருவார். கட்டினால் வீடு உங்களுக்கு, வழக்கில் வென்றவரும் நீங்கள்தான். கட்ட முடியவில்லை என்றால் வீடு போய்விடும். நீதிபதி இது பெரிய குறை இல்லை என்று சொல்லிவிட்டால், கையில் முழுப் பணம் வைத்துக்கொண்டு நின்றாலும் தீர்ப்பு வீட்டுக்காரர் பக்கம்.

20 சதவீதம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அட்டவணை எதுவும் கிடையாது. ஒரு நீதிபதி 10 சொல்வார், இன்னொருவர் 40 சொல்வார். அதனால்தான் நிறுத்திய பணத்தில் ஒரு டாலர்கூடத் தொடாமல் தனி அக்கவுண்டில் வைக்க வேண்டும் என்று மையத்தில் ஒவ்வொருவருக்கும் சொல்கிறோம். வழக்குக்கு முன்பே கோர்ட்டில் பணம் கட்டிவைக்கும் வழக்கம் சில மாநிலங்களில் இருக்கிறது. இங்கே நீங்களாகப் போய்க் கட்ட ஒரு கவுண்டர் இல்லை. சொந்த வங்கியில் தனியாக வையுங்கள், அவ்வளவுதான்.

நிறைய பேர் தோற்பது சட்டத்தில் இல்லை. நிறுத்திய வாடகை ஆஸ்பத்திரிச் செலவுக்கோ ஊருக்கு டிக்கெட் போடவோ போயிருக்கும். ஐந்து நாளில் புரட்ட முடியாது.

இன்னொன்று. ரிப்பேர் கேட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 1942.5 இருக்கிறது. நீங்கள் புகார் சொன்ன நாளிலிருந்து 180 நாளுக்குள், அதற்குப் பழியாக வெளியேற்றவோ வாடகையை ஏற்றவோ கூடாது. ஆனால் வாடகை பாக்கி இல்லாதவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் லீஸ் மார்ச் 31 அன்று முடிகிறது. தனி ஆளுக்குச் சொந்தமான காண்டோ என்பதால், லீஸில் அதற்கான அறிவிப்பு முறையாகக் கொடுத்திருந்தால், தக்க காரணம் இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்ற 2019 மாநிலச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படியானால் மார்ச்சில் உங்களிடம் மிஞ்சுவது பழிவாங்கல் பிரிவு மட்டும்தான். வாடகையை நிறுத்தினால், பாக்கி இருந்ததா இல்லையா என்ற சண்டைக்குள் அதுவும் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

எச்1பி பற்றி: இது சிவில் வழக்கு, குற்ற வழக்கு இல்லை. வாடகைத் தகராறால் விசா போகாது. போகக்கூடியது அடுத்த வீடு. இங்கே வெளியேற்ற வழக்கின் பதிவுகள் முதலில் மூடியே இருக்கும். ஆனால் வழக்குப் போட்ட 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால் திறந்துவிடும். சுரேஷ் சொன்னது அதனால் இங்கேயும் பொருந்தும்.

---

இளவேனில்_ஃப்ரீமாண்ட் · டிசம்பர் 8

அக்கா, இரண்டு தடவை படித்தேன். கணவரையும் படிக்க வைத்தேன். அப்படியென்றால் கழிக்கவும் முடியாது, நிறுத்தினால் ஆபத்து. வெறுமனே குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

---

மீனாட்சி_ஓக்லண்ட் · டிசம்பர் 8

இல்லம்மா. உங்களிடம் மிக வலுவான ஒன்று இருக்கிறது, அந்தச் சிவப்பு அட்டை. அதை வைத்து நான் செய்யச் சொல்வது இது.

இன்றைக்கே வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம், மின்னஞ்சலிலும் தபாலிலும். நவம்பர் 15 அன்று சொன்னேன், டிசம்பர் 2 அன்று கேஸ் கம்பெனி மூடியது, படம் இணைப்பு. ஆள் அனுப்ப நான்கைந்து நாள் நேரத்தோடு குறித்துக் கொடுங்கள், எந்த நாளிலும் வீடு திறந்திருக்கும் என்று எழுதுங்கள். நவம்பர் 22 விஷயத்தை மறைக்காதீர்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார், சாயந்திரம் வரச் சொன்னேன், வரவில்லை. சேகர் சொன்ன ஓட்டை இதில் அடைந்துவிடும்.

அப்புறம் சிட்டியின் கோட் என்ஃபோர்ஸ்மெண்டுக்கு போன் செய்யுங்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்தால், அந்த நாளிலிருந்து 35 நாள் எண்ணுங்கள். தக்க காரணம் இல்லாமல் 35 நாள் தாண்டியும் சரிசெய்யவில்லை, பழுது உங்களால் வந்ததும் இல்லை என்றால், 1942.4இன்படி அவர் வாடகை கேட்பதே சட்டவிரோதம். கேட்டால் உங்கள் நஷ்டத்தோடு மேற்கொண்டு 100 முதல் 5,000 டாலர் வரை நீங்கள் வழக்குப் போட்டு வாங்கலாம். வாடகையை நிறுத்துவதாக இருந்தால் அந்தக் கட்டத்தில் நிறுத்துவதற்கும் இன்றைக்கு நிறுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்றைக்கு உங்கள் வார்த்தைக்கு எதிரே அவர் வார்த்தை. அப்போது அரசு அதிகாரியின் காகிதம் உங்கள் கையில் இருக்கும்.

அதுவரை வாடகையை முழுதாகக் கட்டுங்கள். வங்கியின் ஸெல் சேவை மூலம் பணம் அனுப்பும்போது "ஹீட்டர் இல்லாததற்கான குறைப்பு உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று குறிப்பில் எழுதுங்கள். கொடுத்த அதிகப்படியை ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் திரும்பக் கேட்கலாம், 12,500 டாலர் வரை அங்கே வக்கீல் இல்லாமல் வழக்காடலாம். தோற்றாலும் பணம்தான் போகும், வீடு போகாது.

தினமும் காலையில் ஒரு வெப்பமானியைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வைத்து, நேரத்தோடு படம் எடுங்கள். இன்ஸ்பெக்டரும் அந்த உயரத்தில்தான் அளப்பார். ஜன்னல் ஓரத்திலோ தரையிலோ எடுத்த படத்துக்கு மதிப்பு குறைவு.

வீட்டைக் காலிசெய்யவும் 1942 வழி விடுகிறது. நோட்டீஸ் கொடுத்தும் அவகாசம் கொடுத்தும் செய்யவில்லை என்றால், போன நாளிலிருந்து வாடகைப் பொறுப்பு இல்லை. கைக்குழந்தையோடு டிசம்பரில் வீடு மாற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இருந்தாலும் அந்த வழி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

---

சுரேஷ்_பிளேனோ · டிசம்பர் 9

எனக்கு அப்போது இப்படி எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால்! அக்கா, டெக்ஸஸிலும் கழிக்க முடியும் என்கிறார்களே, நான் அதைச் செய்திருக்கலாமா?

---

மீனாட்சி_ஓக்லண்ட் · டிசம்பர் 9

சுரேஷ், உங்கள் மாநிலச் சட்டம் எனக்குக் கலிஃபோர்னியா அளவுக்குப் பழக்கமில்லை. கழிக்கும் வழி அங்கே இருக்கிறது, எல்லை ஒரு மாத வாடகை அல்லது 500 டாலர், எது அதிகமோ அது. ஆனால் நோட்டீஸ் படிகள் கடுமை. நீங்கள் கழிக்கவில்லை, முழுசாக நிறுத்தினீர்கள். உங்களைச் சிக்க வைத்தது அதுதான்.

---

சேகர்_சான்ரமோன் · டிசம்பர் 9

மீனாட்சியம்மா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வருத்தம். சிட்டியைக் கூப்பிடுவதற்கு முன் அந்தக் கடிதத்துக்கு ஒரு வாரம் கொடுக்கலாமே. அவரும் நம் ஊர்க்காரர். இன்ஸ்பெக்டர் வந்துவிட்டால் மனசு விட்டுப்போகும், மார்ச்சில் லீஸைப் புதுப்பிக்க மாட்டார். சட்டம் பழிவாங்கக் கூடாது என்கிறது. மகன் வருகிறான், வீடு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் யார் நிரூபிப்பது?

---

மீனாட்சி_ஓக்லண்ட் · டிசம்பர் 9

சார், அந்தப் பயம் நியாயமானது. பழிவாங்கலை நிரூபிப்பது கஷ்டம், நான் மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு அட்டையின் படத்தைப் பார்த்த பிறகும் மார்ச் என்று சொன்னவர் அவர். 35 நாள் இன்ஸ்பெக்டரின் உத்தரவிலிருந்துதான் எண்ணப்படும். ஒரு வாரம் தள்ளினால் அந்தக் குழந்தைக்கு இன்னும் ஒரு வாரக் குளிர். முடிவு இளவேனிலுடையது.

---

இளவேனில்_ஃப்ரீமாண்ட் · ஜனவரி 12

எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது, தாமதத்துக்கு மன்னியுங்கள்.

டிசம்பர் 9 அன்று கடிதம் அனுப்பினேன். சேகர் சார் சொன்னதை யோசித்து மூன்று நாள் பொறுத்தேன். "கோர்ட்டுக்குப் போவீங்களா?" என்று மட்டும் பதில் வந்தது. 12ஆம் தேதி சிட்டிக்கு போன் செய்தேன். 16ஆம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தார். வெப்பமானியை ஒரு ஸ்டாண்டில் வைத்து ஹாலிலும் குழந்தை படுக்கும் அறையிலும் அளந்தார், அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டார். அந்த வாரமே அவருக்கு உத்தரவு போய்விட்டது. மறுநாளே வீட்டுக்காரர் போன் செய்தார், குரலே மாறியிருந்தது. விடுமுறை, பெர்மிட் என்று இழுத்து, ஜனவரி 9 அன்று புது ஹீட்டர் வைத்தார்கள். டிசம்பர், ஜனவரி இரண்டு மாத வாடகையும் அக்கா சொன்ன குறிப்போடு முழுதாகக் கட்டிவிட்டேன்.

குளிரில் இருந்த எட்டு வாரத்துக்கு 20 சதவீதமும், ஸ்பேஸ் ஹீட்டரால் கூடிய கரண்ட் பில் 140 டாலரும் கேட்டேன். 300 தருகிறேன் என்கிறார். லீஸ் பற்றிக் கேட்டால் "பிப்ரவரியில் பேசலாம்" என்கிறார்.

---

சேகர்_சான்ரமோன் · ஜனவரி 12

300 குறைவு. ஆனால் 20 சதவீதமும் அதிகம் என்பது என் கருத்து. மற்ற எல்லா வசதியும் இருந்ததே. 10 சதவீதமும் கரண்ட் பில்லும் கொடுத்தால் நான் கை குலுக்கிவிடுவேன்.

---

குமரன்_எடிசன் · ஜனவரி 12

ஏழு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் 56 டிகிரி. 10 சதவீதத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், சார்.

---

மீனாட்சி_ஓக்லண்ட் · ஜனவரி 13

இளவேனில், அந்த 300ஐ வாங்குவதாக இருந்தால் முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். லீஸ் பேச்சு முடியும்வரை ஸ்மால் கிளைம்ஸுக்கு அவசரம் இல்லை, காலம் இருக்கிறது. பேச்சை எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட்டின் இறுதிச் சோதனை முடிந்ததா என்று சிட்டியில் கேளுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்றும் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

---

இளவேனில்_ஃப்ரீமாண்ட் · ஜனவரி 13

அலாரம் கத்துகிறது அக்கா, குழந்தை எழுந்துவிட்டாள். இறுதிச் சோதனை வியாழக்கிழமை. 300க்கு இன்னும் பதில் போடவில்லை. இன்று காலை ஆறு மணிக்கு ஹாலில், 3 அடி உயரத்தில், 70 டிகிரி.